பினாங்கு சுவர்களும் ஒரு மணி வெயிலும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் ஆர்மேனியன் தெருவில் படமெடுக்க வரிசை நின்றுவிடும்.

அங்கே இருப்பது சைக்கிள் ஓட்டும் அக்காவும் பின்னால் உட்கார்ந்த தம்பியும். லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. பிள்ளைகள் வண்ணத்தில், சைக்கிள் மட்டும் சுவரில் பதித்த நிஜ சைக்கிள். அதனால்தான் வெளிச்சம் இங்கே இவ்வளவு முக்கியம். வெயில் பக்கவாட்டில் விழும்போது சைக்கிளின் நிழல் சுவரில் சாய்ந்து, பிள்ளைகள் சுவரை விட்டு வெளியே வந்ததுபோல் தெரியும். நேர் எதிரிலிருந்து வெயில் அடித்தால் நிழல் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ள, ஓவியம் தட்டையாகிவிடும்.

நம்மூர்க் கணக்கை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவின் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. பினாங்கில் பொழுது விடியவே 7 மணி ஆகும், பிப்ரவரியில் 7.30-ஐயும் தாண்டும். உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, 1.20-ஐ ஒட்டி. ஆக, கிழக்கு பார்த்த சுவருக்கு மதியம் ஒரு மணி வரை வெயில் உண்டு. மேற்கு பார்த்ததற்கு அதன் பிறகுதான். வடக்கு பார்த்த சுவரில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் நன்றாக வெயில் படும். மற்ற மாதங்களில் தெற்குச் சுவர்களின் முறை. முதல் நாளே கைப்பேசித் திசைகாட்டியோடு ஒரு சுற்று நடந்து, எந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்த நாள் விடியலில் கடலோரத்துச் சியூ படகுத்துறையில் தொடங்குங்கள். அது கிழக்கே கடலை நோக்கியது. அங்கிருந்து ஆர்மேனியன் தெரு, அதை அடுத்த ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்த பையன், கேனன் தெருவில் நாற்காலி மேல் ஏறிக் கையை நீட்டும் சிறுவன். மூன்றும் சில நிமிட நடைக்குள். ஒன்பது மணிக்குள் முடித்தால் தெரு உங்களுடையது. பிறகு குட்டி இந்தியாவில் தோசை. மதிய வெயிலில் ஓவியம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். கடைவீடுகளின் முன்னால் நீளும் நடைக்கூரையின் நிழலில் சூலியா தெருவைச் சுற்றலாம். முன்ட்ரி தெருவில் ஜன்னல்களைப் பற்றித் தொங்கும் நீலச் சிறுமி தனியாக, தள்ளி இருக்கிறாள். அவளுக்கு வேறொரு பொழுதை ஒதுக்குங்கள்.

செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். மேகம் மூடினாலும் வருந்த வேண்டாம்: சீரான வெளிச்சத்தில் வண்ணம் தெளிவாகத் தெரியும், நிஜப் பொருளின் நிழல் மட்டும்தான் இருக்காது.

இன்னொன்று. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்டு வண்ணத்தை உரித்துத் தள்ளும். பழைய படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனால் வெறும் சுவரே எதிர்கொள்ளலாம். அண்மையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தச் சுவர்களுக்கு உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன. அதிகாலையில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.