ஒரு ரெஸ்யூமே, மூன்று விளம்பரங்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பி.காம். பட்டதாரி ஒருவர் வேறு வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதவி, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். ஒரே வாரத்தில் மூன்று விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு ஜிஎஸ்டி வேலை தெரிந்தவர் தேவை. சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கியைப் பின்தொடர ஆள் வேண்டும். மூன்றாவது, மாதாந்திர அறிக்கைகள் தயாரிக்கும் எம்ஐஎஸ் வேலை.

மூன்றுக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பினால், ஒவ்வொருவரும் தேடும் விஷயம் இரண்டாம் பக்கத்தில் எங்கோ புதைந்து கிடக்கும். விளம்பரத்தின் வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினாலோ, நேர்காணலில் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது யாருக்கும் அனுப்பாத ஒரு மூலப் பிரதியிலிருந்து தொடங்குகிறது.

இந்த மூலப் பிரதி நாலைந்து பக்கம் போனாலும் தவறில்லை. எழுதியவர் மட்டுமே படிக்கப்போவது. செய்த ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: என்ன செய்தார், எவ்வளவு, எதைக்கொண்டு, அவருடைய பொறுப்பு எங்கே முடிந்தது. நம் பட்டதாரியின் பிரதியில் ஒரு பகுதி இப்படி இருக்கும்: ‘மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்தேன். ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையை டவுன்லோட் செய்து, கொள்முதல் பதிவேட்டுடன் எக்செலில் ஒப்பிட்டேன். அறிக்கையில் வராத பில்களுக்கு சப்ளையரை அழைத்துப் பேசினேன். 3பி ரிட்டர்னுக்கான தொகைகளைத் தயாரித்துக் கொடுத்தேன். தாக்கல் செய்தது ஆடிட்டர் அலுவலகம்.’ கடைசி வாக்கியம்தான் இதில் மிக முக்கியமானது. மிகைப்படுத்தல் நுழையும் இடம் பெரும்பாலும் இத்தகைய எல்லைக்கோடுதான்.

இப்போது கோவை விளம்பரத்தைப் பார்ப்போம். ‘ஐடிசி ரிகன்சிலியேஷன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயாரித்தல், தாக்கல், டிடிஎஸ்’ என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘செய்தது’, ‘பாதி செய்தது’, ‘செய்யாதது’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவதை அவர் மாதந்தோறும் செய்திருக்கிறார். ஆனால் தன் அலுவலக வழக்கப்படி ‘2பி மேட்சிங்’ என்று எழுதி வைத்திருக்கிறார். இதை ‘ஐடிசி ரிகன்சிலியேஷன்’ என்று மாற்றலாம், மாற்றவும் வேண்டும். வேலை அதேதான். விண்ணப்பங்களை முதலில் பார்க்கும் எச்.ஆர். ஊழியருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் விளம்பரத்தில் உள்ள சொல்லைத்தான் தேடுவார். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளிலும் தேடல் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

தாக்கல் விஷயம் வேறு. ‘ரிட்டர்ன் தயாரித்துத் தாக்கல் செய்தேன்’ என்று எழுதினால், அது செய்யாத வேலைக்குச் சொந்தம் கொண்டாடுவது. எதிரே உட்காரும் மேலாளர், ‘3பி தாக்கல் செய்த பிறகு ஒரு தொகை தவறு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் போதும். தாக்கலான 3பியைத் திருத்தித் திரும்ப அனுப்ப முடியாது. அடுத்து வரும் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும். தாக்கல் செய்து பழகியவர் இதைத் தயங்காமல் சொல்லிவிடுவார். ஆகவே, ‘3பி தொகைகளைத் தயாரித்து, தாக்கலுக்காக ஆடிட்டரிடம் ஒப்படைத்தேன்’ என்பதே எழுத வேண்டிய வரி. அதுவே மதிப்புள்ள அனுபவம்தான். டிடிஎஸ் வேலையை அவர் தொட்டதில்லை. அந்தச் சொல் ரெஸ்யூமேயில் வரவே கூடாது.

சென்னை விளம்பரத்துக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். 30, 60, 90 நாள் பாக்கிப் பட்டியலை வாரந்தோறும் தயாரித்ததும், உள்ளூர் வாடிக்கையாளர்களை அழைத்துப் பணம் கேட்டதும் மேலே வரும். கோவைக்கு நான்கு வரி பிடித்த ஜிஎஸ்டி இங்கே ஒரு வரியில் அடங்கிவிடும்.

மூன்றாவது விளம்பரம் பவர் பிஐ, எஸ்க்யூஎல் இரண்டையும் கட்டாயம் என்கிறது. அவருக்குத் தெரிந்தது VLOOKUP, பிவட் டேபிள். கேட்பதில் முதன்மையான பாதி கையில் இல்லாதபோது, எந்த வரிசை மாற்றமும் அந்த இடைவெளியை மூடாது. அதை விட்டுவிட்டு, அந்த நேரத்தை முதல் இரண்டுக்கும் செலவிடுவதே சரி.

எந்தப் பிரதியிலும் மாறக் கூடாதவை சில உண்டு: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், படிப்பு. ‘அசிஸ்டென்ட்’ ஒரு பிரதியில் மட்டும் ‘எக்ஸிகியூட்டிவ்’ ஆகக் கூடாது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றில் தேதிகள் பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்ப்பவர்கள் பழைய நிறுவனத்திடமும் கேட்பார்கள். பணி ஆணை கைக்கு வந்த பிறகும் இந்தச் சரிபார்ப்பில் வேலை போகலாம்.

ரெஸ்யூமேயை அனுப்பும் நாளிலேயே விளம்பரத்தையும் சேர்த்து ஒரே ஃபோல்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது அந்த விளம்பரம் இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். எந்தப் பிரதி யாருக்குப் போனது என்று தெரியாமல் போய் உட்காராதீர்கள்.