படி விளிம்பில் குதிகால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடியில்தான் இந்த வலி முகம் காட்டும். குதிகாலுக்குப் பின்னால், ஷூவின் விளிம்பு உரசும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் இறுக்கம். பல் துலக்கி முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். ஓடப் போனால் முதல் கிலோமீட்டர் வலிக்கும், அப்புறம் மறந்தே போகும். மறுநாள் காலை வட்டியோடு வந்து நிற்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தால், மற்ற காலைவிடத் தடித்திருப்பது கையிலேயே தெரியும்.

குதிகால் நரம்பு என்றுதான் பேச்சில் சொல்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல. கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் அக்கிலிஸ் என்ற தசைநாண். கொலாஜன் இழைகளால் ஆன கயிறு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அதை இழுக்கிறது. பழக்கமில்லாமல் தூரத்தையோ வேகத்தையோ கூட்டினால் இழைகளின் ஒழுங்கு குலைகிறது. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், ஆனால் சுமை இல்லாத நாண் வலுவிழந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு ஓடுகிறவருக்கு இரண்டாம் நாளே பழைய வலி திரும்புகிறது.

ஸ்வீடனின் உமெயோ நகர எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு மேலதிகாரி கைவிரித்துவிட, நாணை அறுத்தே விடுவோம் என்று வலிக்கிற காலில் கடும் சுமை ஏற்றினாராம். நாண் அறுபடவில்லை, வலிதான் போயிற்று! பிறகு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு இதையே 12 வாரம் செய்ய வைத்து, 1998இல் முடிவை வெளியிட்டார். பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள். சிறிய ஆய்வுதான், பின்னால் வந்தவற்றில் எல்லாருக்கும் இப்படிக் கைகொடுக்கவில்லை.

செய்முறைக்கு ஒரு படிக்கட்டு போதும். முன்பாதத்தை மட்டும் படி விளிம்பில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் எம்பி நிற்க வேண்டும். எடை முழுவதையும் வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெல்ல இறக்க வேண்டும். மறுபடி எம்புவதும் நல்ல காலால்தான். இப்படிப் 15 தடவை, மூன்று சுற்று. பிறகு முட்டியைச் சற்று மடக்கி இன்னும் மூன்று சுற்று. மடக்கும்போது முட்டியைத் தாண்டிப் போகும் மேல் தசை தளர, உள்ளே இருக்கும் தட்டைத் தசை வேலை செய்யும். காலையும் மாலையும் சேர்த்தால் நாளுக்கு 180 இறக்கம்.

என் நண்பர் ஒருவர், வயது நாற்பத்தாறு, இரண்டாவது வாரத்தில் போனில் பொரிந்தார்: "ஏம்ப்பா, வலிக்குதுன்னு சொன்னா இன்னும் வலிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லிக்கொடுத்திருக்கியே!" ஆரம்பத்தில் வலி கூடுவது வழக்கம்தான். பத்துக்கு ஐந்துவரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. காலை இறுக்கம் நாளுக்கு நாள் கூடினால் சுமையைக் குறைக்க வேண்டும். அவர் ஐந்தாவது வாரத்தில் வலியில்லாமல் இறக்கினார். அதோடு விடவில்லை, முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டார். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வலி போனதும் சுமையைக் கூட்டாமல் நின்றுவிட்டால் நாண் ஓட்டத்தின் இழுவைக்குத் தயாராவதில்லை.

இறக்கத்தில்தான் மந்திரம் இருக்கிறது என்று வெகுநாள் நம்பினார்கள். 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், கனமான எடையோடு மூன்று நொடி ஏற்றி மூன்று நொடி இறக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் மட்டும் செய்தவர்களும் அதே அளவு தேறினார்கள். ஆக, ஏற்றமா இறக்கமா என்பதைவிடக் கனமும் நிதானமும்தான் முக்கியம். துள்ளி இறக்கினால் இழுவை ஒரு கணத்தில் முடிந்துவிடும். மெல்ல இறக்கும்போது அது நொடிக்கணக்கில் நீடித்து, இழைகளை உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் மெதுவாகவே வேலை செய்பவை. வாரக்கணக்கில் பொறுமை வேண்டியிருப்பது அதனால்தான்.

நாண் எலும்பில் ஒட்டும் அடி நுனியிலேயே வலி என்றால் இந்தப் படிக்கட்டு வேண்டாம். குதிகால் தாழும்போது நாண் எலும்பின் மேல் அழுந்தி வலி கூடும். அவர்கள் சமதரையிலேயே ஏற்றி இறக்கலாம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் திடீரென்று ஓர் அடி விழுந்து, நுனிக்காலில் எம்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இந்த நாணைப் பாதிக்கக்கூடும் என்பதால், அண்மையில் அதைச் சாப்பிட்டவர்கள் படியேறும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நண்பர் இப்போது ஓடுகிறார். தடிப்பு மட்டும் இன்னும் முழுதாக வடியவில்லை.