விரலுக்குத் தெரியாத பொறி

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால், சில நாள் விரல் நுனியில் சுரீரென்று அடிக்கும். அந்தச் சுரீர் நமக்கு உறைக்க வேண்டுமானால் உடம்பில் ஏறத்தாழ 3,000 வோல்ட்டாவது சேர்ந்திருக்க வேண்டும். 500 வோல்ட்டோ 1,000 வோல்ட்டோ பாய்ந்தால் நமக்கு எதுவும் தெரியாது. பாதுகாப்பு இல்லாத ஒரு சிப்பின் உள்ளுறுப்பைத் துளைக்கவோ 10 வோல்ட் அளவே போதும். தொட்டவருக்குத் தெரியாமலே ஒரு சிப் செத்துப்போவது இதனால்தான்.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. செருப்பும் தரையும், சட்டையும் நாற்காலியும் நாள் முழுக்க இதைச் செய்துகொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே அந்த மின்னூட்டம் கசிந்துவிடும். காற்று வறண்டிருந்தால் தேங்கும். கம்பள விரிப்பின் மேல் நடப்பவர் உடம்பில் நல்ல ஈரக்காற்றில் 1,500 வோல்ட் சேரும் என்றால், மிக வறண்ட காற்றில் அது 35,000 வரை போகலாம் என்பது இத்துறையில் வழக்கமாகக் காட்டப்படும் கணக்கு. ஆகவே கடலோர ஊர்க்காரர்கள் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். ஆனால் ஏ.சி. அறைக்குள் போய்விட்டால் அந்தச் சாதகம் குறைந்துவிடும், ஏனென்றால் ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது.

இப்படித் தேங்கிய மின்னூட்டம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பாய்ந்து வெளியேறுவதைத்தான் மின்னணுத் தொழிலில் இ.எஸ்.டி. என்கிறார்கள்.

சிப்புக்கு இது ஏன் இவ்வளவு ஆபத்து? சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கேட் என்ற பகுதி இயக்குகிறது. கேட்டுக்கும் அதன் கீழே உள்ள சிலிக்கானுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு படலம் உண்டு. 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்புகளில், வெளியுலகத்தோடு பேசும் டிரான்சிஸ்டர்களில் அந்தப் படலம் சுமார் 7 நானோமீட்டர் தடிமன், அதாவது தலைமயிரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல தரமான படலம் ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் தாங்கும். மிகக் குறுகிய நேரம் மட்டும் வரும் அழுத்தமானால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். 3.3 வோல்ட்டுக்குக் கட்டிய வீட்டில் 7 வோல்ட்டுக்கு மேல் விருந்தாளியை அழைக்க முடியாது.

இனி ஒரே ஒரு பொறியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். சிப் சோதனைக்கூடங்களில் மனித உடம்புக்குப் பதிலாக ஒரு சின்னச் சுற்றை வைத்திருக்கிறார்கள். 100 பைகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அதோடு தொடரில் 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முன்னது உடம்பு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் கொள்ளளவு, பின்னது தோலின் தடை. அந்தக் கெப்பாசிட்டரை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றி, மெக்கானிக்குகள் 'கால்' என்று சொல்லும் சிப்பின் ஒரு முனையில் விடுகிறார்கள். 2,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 1.33 ஆம்பியர். அரை மைக்ரோ நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மொத்த ஆற்றல் 0.2 மில்லிஜூல்.

கேட்பதற்கு அற்பமான அளவுதான். ஆனால் அந்தக் கால் நேராகக் கேட்டுக்குப் போயிருந்தால், அழுத்தம் ஏறி 7 நானோமீட்டர் படலம் கிழியும். கிழிந்த புள்ளி வழியே மின்னோட்டம் முழுவதும் பாயும். வந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே அந்தப் புள்ளியில் இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும் 2 மைக்ரோஜூல் ஆகிறது. ஒரு கன மைக்ரான் சிலிக்கானை உருக்க ஏறத்தாழ 0.007 மைக்ரோஜூல் போதும். அந்தப் புள்ளி உருகிக் குழம்பி, கடத்தக்கூடாத இடம் கடத்தும் இடமாகிவிடும். செத்த சிப்பை அமிலத்தில் திறந்து, படலம் படலமாக உரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் காண்பது இந்த உருகிய குழியைத்தான்.

மாஸ்ஃபெட்டுகள் கடைக்கு வந்த 1960களில் இதற்குத் தற்காப்பே கிடையாது. எல்லாக் கால்களையும் ஓர் உலோக வளையத்தால் சுற்றி ஒன்றாக்கி விற்றார்கள், போர்டில் பற்றவைத்த பிறகே வளையத்தைக் கழற்றச் சொன்னார்கள். பின்னர் டயோடுகள் சிப்புக்குள்ளேயே வந்தன. இன்று ஏறத்தாழ ஒவ்வொரு சிக்னல் காலிலும் இரண்டு டயோடுகள் இருக்கின்றன. ஒன்று காலிலிருந்து மேலே சப்ளை கோட்டுக்கும், மற்றொன்று கிரவுண்டிலிருந்து காலுக்கும் போகும். சாதாரண வேலையின்போது இரண்டும் மூடியே இருக்கும். காலின் அழுத்தம் சப்ளையைவிடச் சுமார் 0.7 வோல்ட் கூடினால் மேல் டயோடு திறக்கும். கிரவுண்டைவிட அதே அளவு குறைந்தால் கீழ் டயோடு திறக்கும். ஏரியின் கலங்கல் செய்யும் வேலைதான் இது. கொள்ளளவு வரை தண்ணீரைத் தொடாது, மிஞ்சியதை மட்டும் கரை உடையாமல் வெளியே தள்ளும்.

மேல் டயோடு வழியே சப்ளை கோட்டுக்குப் போன மின்னோட்டம் அங்கேயே நின்றால் பயனில்லை. அதைக் கிரவுண்டுக்கு இறக்கச் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கிளாம்ப் என்ற பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று காத்திருக்கிறது. சப்ளை கோட்டில் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அதற்குச் சொல்கின்றன. பேட்டரி போடும்போது அழுத்தம் நிதானமாக ஏறும், கிளாம்ப் மூடியே இருக்கும். நானோ நொடிகளில் பாய்ந்து ஏறினால் அது பொறி என்று பொருள், உடனே திறக்கும். நமது 1.33 ஆம்பியர் இப்பாதையில் போகும்போது டயோடில் ஏறத்தாழ 2 வோல்ட், கிளாம்ப்பில் இன்னொரு 2 வோல்ட் விழுவதாகக் கொண்டால் கேட் பார்ப்பது 4 வோல்ட் மட்டுமே. மிச்சமுள்ள 1,996 வோல்ட்டும் தொட்டவரின் தோலின் தடையிலேயே வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. மிக நேர்த்தியான வடிவமைப்பு இது.

ஆனால் எல்லையும் உண்டு. டயோடு பெரிதாக இருந்தால் அதிக மின்னோட்டம் தாங்கும், கூடவே அதன் கெப்பாசிட்டன்ஸ் அதிகரித்து வேகமான சிக்னலை மழுக்கும். பல ஆண்டுகள் 2,000 வோல்ட் என்று இருந்த வழக்கமான இலக்கை 1,000 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று துறையினர் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தொழிற்சாலையில் கவனமாகக் கையாள்வார்கள் என்ற நம்பிக்கையில் குறைத்த அளவு அது. மேலும் இந்த டயோடுகள் நொடிப்பொழுதுப் பாய்ச்சலுக்கானவை. 3.3 வோல்ட் சிப்பின் காலில் 5 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்தால் மேல் டயோடு திறந்தபடியே நின்று சூடாகி எரிந்துபோகும். சில மில்லிஆம்பியருக்கு மேல் நிலையாகத் தாங்காத டயோடுகளே பெரும்பாலானவை.

செல்போன் சரிசெய்பவர்கள் இந்த டயோடை நாள்தோறும் தொட்டுப் பார்க்கிறார்கள், பலர் அதன் பெயர் தெரியாமலே. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்புக் கம்பியைக் கிரவுண்டிலும் கறுப்புக் கம்பியைச் சார்ஜிங் கனெக்டரின் டேட்டா காலிலும் வைத்தால் மீட்டரில் 0.4 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண் வரும். அதுதான் கிரவுண்டிலிருந்து காலுக்குப் போகும் கீழ் டயோடு. பூச்சியத்தை ஒட்டி வந்தால் அந்த இடம் உருகி ஷார்ட் ஆகியிருக்கிறது. மீட்டர் 'OL' காட்டினால் டயோடோ அதற்குப் போகும் தடமோ அறுந்திருக்கிறது. பழுதில்லாத அதே மாடல் போர்டில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

இந்தச் சோதனையில் தேறியதாலேயே சிப் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. படலம் முழுதாகக் கிழியாமல் பலவீனப்பட்டு நிற்பதுண்டு. கசிவு சில மைக்ரோஆம்பியராக இருந்தால் மீட்டருக்குத் தெரியாது. கருவி வேலை செய்யும், வாடிக்கையாளரும் வாங்கிக்கொண்டு போவார். சில வாரமோ மாதமோ கழித்து, யாரும் எதையும் தொடாத ஒரு நாளில் நின்றுபோகும். அப்போது பழி உதிரிப் பாகத்தின் தரத்தின் மேல் விழுகிறது.

ஆகவே பொறி வராமல் பார்ப்பதே முதல் வேலை. ரிஸ்ட் ஸ்ட்ராப் உடம்பை எர்த்தோடு இணைக்கிறது. அதன் கம்பியில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பது அணிபவரின் உயிருக்காக. தவறிப்போய் 230 வோல்ட் லைனைத் தொட்டாலும், ஸ்ட்ராப் வழியே 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாது. உடம்பின் மின்னூட்டம் வடிய அந்த ரெசிஸ்டர் தடையில்லை, ஒரு மில்லி நொடிக்குள் வடிந்துவிடும். அதை வெட்டிவிட்டு வெறும் கம்பியைக் கட்டிக்கொள்வது உயிரோடு விளையாடுவது. மேசை மேட்டையும் ஸ்ட்ராப்பையும் ஒரே எர்த் புள்ளியில் இணைக்க வேண்டும். சுவர் பிளக்கின் மூன்றாவது துளை உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்வது அவசியம். எர்த் துளை பெயருக்கு மட்டும் இருக்கும் கட்டடங்கள் ஏராளம்.

ஸ்ட்ராப் உடம்பை மட்டுமே காக்கும். தெர்மோகோல் துண்டு, செல்லோடேப், டீ குடித்த பிளாஸ்டிக் கப் போன்றவை மின்சாரம் கடத்தாதவை, எர்த் செய்தாலும் அவற்றின் மின்னூட்டம் வடியாது. அவற்றைப் போர்டிலிருந்து ஓரடியாவது தள்ளி வைப்பதே வழி. சிப்பே மின்னூட்டம் பெறுவதும் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் சறுக்கி வரும் சிப் அப்படியே உலோகத்தில் பட்டால், மனிதக் கை எதுவும் படாமல், ஏறத்தாழ ஒரு நானோ நொடிக்குள் பல ஆம்பியர் பாய்ந்துவிடும். இதற்குத்தான் தொழிற்சாலைகளில் அயனியாக்கி விசிறிகள் நேர், எதிர் அயனிகளை வீசிக்கொண்டே இருக்கின்றன.

உறை விஷயத்திலும் ஏமாறக் கூடாது. இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் சேர்க்காது, வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்கவும் செய்யாது. உலோகப் படலம் கொண்ட வெள்ளிநிறப் பைதான் தடுக்கும். வீட்டில் ராம் மாற்றுபவர் அந்தப் பையைக் கிழிக்குமுன் கம்ப்யூட்டரின் பெயின்ட் இல்லாத உலோக உடலைத் தொட்டுக்கொள்ளட்டும், ராமை ஓரத்தில் மட்டும் பிடிக்கட்டும், தங்கநிறப் பட்டைகளில் விரல் வைக்க வேண்டாம்.

பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ட்ராப்பின் கம்பி உறைக்குள்ளேயே அறுந்துபோவது மிகச் சாதாரணம், வெளியே பார்த்தால் தெரியாது. தினமும் கடை திறந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கையில் படும் உலோகத் தகட்டிலும் மற்றதை எர்த் கிளிப்பிலும் வைத்து, கம்பியை லேசாக அசைத்துப் பாருங்கள். 1 மெகாஓம் அளவில் நிலையாகக் காட்டவில்லை என்றால் அந்த ஸ்ட்ராப்பை அன்றே மாற்றிவிடுங்கள்.