எடைச் சீட்டும் ஈரக் கணக்கும்

குறுவை அறுவடை முடிந்த கையோடு மழையும் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் தஞ்சை வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கு நெல் ஈரத்தோடுதான் வந்து சேரும். வண்டி எடை மேடையில் ஏறியதும் லோடு எடை போடுவார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி எடை. இரண்டையும் கழித்து, நிகர எடையோடு சீட்டு வரும். இதற்கிடையில் களத்தில் ஒருவர் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நெல் எடுத்து, ஈரப்பதமானியில் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். மேடைச் சீட்டும் களத்து நோட்டும் சேர்ந்தால்தான் அன்றைய கொள்முதல் அறிக்கை.

நோட்டில் பெரும்பாலும் வண்டி எண் மட்டும்தான் இருக்கும். அதே டிராக்டர் காலையில் 16 சதவீத நெல்லையும், மாலையில் வேறொரு வயலின் 21 சதவீத நெல்லையும் கொண்டுவந்தால் எந்த ஈரம் எந்தச் சீட்டுக்கு? ஒருவர் நெல்லுக்கு இன்னொருவர் விலை விழுந்துவிடும். அதனால் களத்து நோட்டிலும் சீட்டு எண்ணையே எழுத வேண்டும்.

அடுத்தது சராசரி. ஒரு நாளில் மூன்று லோடு வந்ததாக வைத்துக்கொள்வோம்: 12,000 கிலோ 21 சதவீத ஈரத்தில், 3,000 கிலோ 16-ல், 5,000 கிலோ 17-ல். மூன்று ஈரத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 18 வரும். அது தப்பு. பெரிய லோடுதான் நனைந்த லோடு. எடைக்கேற்ற பங்கு அதற்குக் கிடைக்க வேண்டும். D பத்தியில் நிகர எடையும் E பத்தியில் ஈரமும் இருந்தால் எக்செலில் இப்படி:

```
=SUMPRODUCT(D2:D4,E2:E4)/SUM(D2:D4)
```

விடை 19.25. ஒன்றேகால் சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. இருப்பு வைக்க நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்துவார்கள். 20,000 கிலோவை 80.75-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால், உலர்ந்த பின் நிற்க வேண்டியது 18,779 கிலோ. 18 சதவீதம் என்று எழுதியிருந்தால் 19,070 கிலோ எதிர்பார்ப்போம். இடையில் 291 கிலோ, 75 கிலோ மூட்டையில் ஏறத்தாழ நான்கு. அது ஆவியாகிப் போன தண்ணீர். ஆனால் கிடங்கில் நான்கு மூட்டை குறைந்தால் சந்தேகம் முதலில் விழுவது சுமை தூக்குபவர்கள் மேல்தான். இந்த அநியாயத்துக்காகவே அறிக்கையில் வாங்கிய எடைக்குப் பக்கத்தில் உலர் எடையும் இருக்க வேண்டும் என்கிறேன்.

சரியாகப் போட்ட கணக்கிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். தூசியும் பதரும் போகும். அதற்கு மேல் குறைந்தால், குத்தூசி மேல் மூட்டைகளோடு நின்றுவிட்டதா, தார்ப்பாய் ஒழுகி நனைந்த மூட்டை விட்டுப்போயிற்றா என்று பார்க்க வேண்டும். காலி எடையை நிஜமாகவே போட்டார்களா, பழைய சீட்டைப் பார்த்து எழுதினார்களா என்றும் கேட்க வேண்டும். கிடங்கு ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.