புதியவர் வருகிறார்: குரூப்பில் என்ன எழுதுவது?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனி அது. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் இப்படிப் போட்டார்: “நமது புதிய அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவை வரவேற்போம். துடிப்பும் திறமையும் மிக்கவர். அடுத்த திங்கள் சேருகிறார்.” கீழே வரிசையாகப் பூங்கொத்துகள், கும்பிடும் கைகள்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள், சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. இ-வே பில் இல்லை. டிரைவர் வழக்கம்போல மூத்த கணக்கருக்குப் போன் போடுகிறார். அவரோ மகளின் வளைகாப்பில் இருக்கிறார். பில் போடத் தெரிந்தவர் மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதற்காகவே அவரை எடுத்தார்கள் என்பது டிரைவருக்கு எப்படித் தெரியும்? ‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற பதவிப் பெயர் அவருக்கு எதையும் சொல்லவில்லை. ‘அடுத்த திங்கள்’ என்றதையும் பாதிப்பேர் இந்த வாரம் என்றும், மீதிப்பேர் அதற்கடுத்த வாரம் என்றும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“2026 ஜூன் 1, திங்கட்கிழமை முதல் (பெயர்) நம் கணக்குப் பிரிவில் சேருகிறார். விற்பனை பில், இ-வே பில் இரண்டும் இனி அவர் பொறுப்பு. 12ஆம் தேதிவரை பழையபடி அண்ணனிடமே கேளுங்கள், அதன்பிறகு இவரிடம். சம்பளம், பி.எஃப். விஷயம் எப்போதும்போல் என்னிடம். திங்கட்கிழமை 11 மணி டீக்கு எல்லோரும் கீழே வாருங்கள், அறிமுகம் ஆகிக்கொள்ளலாம்.”

அந்த 12ஆம் தேதிக்குக் காரணம் உண்டு. மாதந்தோறும் கணக்குக் காட்டுபவர்கள் முந்தைய மாத விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.க்கு 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த நெருக்கடியில் வேலை கைமாறினால் இருவருக்குமே குழப்பம். சேரும் நாள் ஒன்று, பொறுப்பேற்கும் நாள் வேறு. செய்தியில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது தேதிதான்.

‘துடிப்பு, திறமை’ என்பதை நான் எடுத்துவிட்டேன். யாருக்கும் பொருந்தும் புகழ்ச்சியில் என்ன அன்பு இருக்கிறது? 11 மணி டீயில் இருக்கிறது. பழைய கம்பெனி, சொந்த ஊர், போட்டோ போன்றவற்றை அவரிடம் கேட்காமல் போடக்கூடாது. போன் எண்ணும் அப்படித்தான்: குரூப்பில் சேர்த்தாலே அது எல்லோர் கைக்கும் போய்விடும். முதலில் அவர் சம்மதம் வாங்குங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். குரூப்பில் சேருபவருக்கு அதற்கு முன் வந்த செய்திகள் பொதுவாகத் தெரியாது. செய்தியைப் போட்டுவிட்டு ஆளைச் சேர்த்தால், தன்னை வரவேற்றது அவருக்கே தெரியாமல் போகும். ஆளைச் சேர்த்துவிட்டுச் செய்தியைப் போடுங்கள். தேதி தப்பாக விழுந்துவிட்டால், திருத்த வாட்ஸ்அப் 15 நிமிடம் தருகிறது. அதற்குள், “எந்த ஊரும்மா? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று குரூப்பிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி கேட்டவரை மட்டும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் நல்லது.