முதலில் கட்டம், பிறகு எண்

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஒரு வரி. அதில் வீடுகள், மொத்த மக்கள், ஆண், பெண் என்று எண்கள். பிடிஎஃப் கோப்பில் அட்டவணை தெளிவாகத் தெரிந்தாலும், சுட்டியால் இழுத்தால் ஓர் எண்கூடத் தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். `pdffonts` கட்டளை கொடுத்துப் பாருங்கள். எழுத்துரு ஒன்றுகூடப் பட்டியலில் வராது. எழுத்தின் இருப்பிடத்தை வைத்துப் பத்தி பிரிக்கும் டபுலா போன்ற கருவிகள் இங்கே உதவாது.

உடனே பக்கம் முழுவதையும் எழுத்துணரிக்குக் கொடுக்கத்தான் பலருக்கும் கை போகும். எண்கள் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஓர் ஊரின் வரியில் காலிக் கட்டம் இருந்தால், அடுத்த எண் இடப்பக்கம் நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் பத்திக்குப் போய்விடும். அதனால் கோடுகளை முதலில் பிடிக்க வேண்டும்.

```
pdftoppm -r 300 -gray -png kaiyedu.pdf p
```

இப்படி எடுத்தால் ஏ4 பக்கம் ஏறத்தாழ 2480 புள்ளி அகலம் இருக்கும். அதில் 1 பாகை சாய்வு என்றால், வலது ஓரம் 43 புள்ளி ஏறியோ இறங்கியோ நிற்கும். பொடி எழுத்தில் அது ஏறக்குறைய ஒரு வரியின் உயரம். ஓர் ஊரின் எண்ணை அடுத்த ஊருக்குச் சேர்க்க அது போதும். சாய்வை நிமிர்த்தாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு ஓபன்சிவியில், 80 புள்ளி நீளத்துக்காவது தொடர்ந்து கறுப்பாக இருப்பதை மட்டும் கிடையாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை விட்டுவைத்தால் எழுத்தெல்லாம் உதிர்ந்து கோடுகள் மிஞ்சும். அவை வெட்டும் இடங்களே கட்டத்தின் மூலைகள். ஒவ்வொரு கட்டத்தையும் தனியே நறுக்கி, கோட்டை ஒட்டிய சில புள்ளிகளை ஓரத்தில் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டுத் துண்டை 1 என்று படித்துவிடும்.

```
tesseract kattam.png - --psm 7 -c tessedit_char_whitelist=0123456789
```

`--psm 7` என்றால் படத்தில் இருப்பது ஒரே வரி என்று பொருள். காலிக் கட்டம் காலியாகவே வரும், இடம் மாறாது. கோடே அச்சிடாத அட்டவணையில் இந்த வழி செல்லாது. பத்திகளுக்கு இடையே ஓடும் வெள்ளை இடைவெளியைத்தான் எல்லையாகக் கொள்ள வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிக்க அட்டவணையே உதவும். ஆணும் பெண்ணும் கூடினால் மொத்தம் வர வேண்டும். மொத்தம் 1284, ஆண் 681, பெண் 653 என்று வந்திருந்தால் கூட்டலில் 50 அதிகம். பத்தாம் இடத்தில் 5 கூடியிருக்கிறது; 3-ஐ 8 என்று படித்தால் அப்படி ஆகும். படத்தைப் பார்த்தால் ஆண் 631. பத்தியின் அடியில் அச்சான மொத்தத்தோடும் ஒப்பிட்டால் அதே கட்டம் இன்னொரு பக்கத்திலிருந்தும் அகப்படும். ஊர்ப்பெயர்களுக்குத்தான் இந்த வசதி கிடையாது. அவற்றைப் படத்தோடு வைத்துக் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்.