உயர்ந்த டி அலையும் ஊதா மூடிக் குழாயும்

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. போன்ற தேர்வுகளில் மாணவர்களைத் திணறடிக்கும் கேள்வி வகை ஒன்று உண்டு. மேலே இ.சி.ஜி. துண்டு, கீழே ரத்தப் பரிசோதனை எண்கள், அதற்கும் கீழே நான்கு விடைகள். "பெரும்பாலும் என்ன பிரச்சினை?" என்பதுதான் கேள்வி. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். பொட்டாசியத்தை வைத்துக் கேட்கப்படும் கேள்விகளைப் பார்த்தால் இந்த வகையின் சூட்சுமம் பிடிபடும்.

இப்படி ஒரு நோயாளி: வயது 58. பல வருடச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில். கால் வீக்கத்துக்காக இரண்டு வாரம் முன்பு ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்திருக்கிறார்கள். இப்போது கால்களில் பலமே இல்லை, நாடித் துடிப்பு 44. இ.சி.ஜி.யில் டி அலை கூடாரம் போல ஒடுங்கி, கூர்மையாக எழுந்து நிற்கிறது. பி அலையைக் காணவில்லை. கியூ.ஆர்.எஸ். நான்கு சின்னக் கட்டங்களுக்கு அகன்றிருக்கிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. மூன்று கட்டங்களுக்குள் முடிய வேண்டியது அது. விடைகள்: மாரடைப்பு, கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாவது, பொட்டாசிய மிகை, கால்சியக் குறைவு.

இ.சி.ஜி.யை மட்டும் பார்ப்பவர் உயர்ந்த டி அலையைக் கண்டு மாரடைப்பைக் குறிக்கக்கூடும். மாரடைப்பின் தொடக்கத்திலும் டி அலை உயரும். ஆனால் அது அடியில் அகன்ற அலை. ரத்தம் தடைபட்ட பகுதியைப் பார்க்கும் லீடுகளில்தான் தெரியும், விரைவில் எஸ்.டி. பகுதியும் மேலே ஏறும். இங்கே அலை குறுகலானது, பல லீடுகளில் பரவியிருக்கிறது.

இனி எண்கள். பொட்டாசியம் 7.4, இயல்பு சுமார் 3.5 முதல் 5 வரை. கிரியாட்டினின் 4.1, சர்க்கரை 210, கால்சியம் 8.6, சிறுநீரில் கீட்டோன் இல்லை. அதனால் இரண்டாவது விடை அடிபடுகிறது. கால்சியம் குறைந்திருந்தால் இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீண்டிருக்கும், டி அலை கூடாரமாகாது. விடை பொட்டாசிய மிகை. காரணமும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன். ராமிப்ரில் அதன் சுரப்பைக் குறைக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் அதன் வேலையைத் தடுக்கிறது, சிறுநீரகமோ ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது.

கோடு ஏன் அப்படி மாறுகிறது என்று புரிந்தவருக்கு மனப்பாடம் தேவையில்லை. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடும்போது இதயத்தசை மின்னூட்டத்தை வேகமாக மீட்டுக்கொள்கிறது. டி அலை ஒடுங்கிக் கூர்மையாவது அதனால்தான். மேலும் கூடினால் சோடியம் வாயில்கள் பல முடங்கி, மின்துடிப்பு மெதுவாகப் பரவும். மேலறைத் தசை முதலில் சோர்வதால் பி அலை தட்டையாகி மறைகிறது. பிறகு கீழறையில் கியூ.ஆர்.எஸ். அகலும். அதையும் டி அலையையும் பிரிக்க முடியாமல் ஒரே நெளிகோடாகிவிட்டால், இதயம் எந்த நொடியும் நின்றுபோகலாம்.

முதலில் தரவேண்டியது என்ன என்பது அடுத்த கேள்வியாக வரும். பத்து சதவீதக் கால்சியம் குளுக்கோனேட், 10 மி.லி., சிரை வழியாக. ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் இதைத்தான் தர வேண்டும். இது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத்தைக் காத்து அவகாசம் தருகிறது. அந்த நேரத்தில் இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். உடலை விட்டு அதை வெளியேற்ற டயாலிசிஸ் தேவைப்படலாம்.

இப்போது இன்னொரு கேள்வி. வயது 30, வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்தவர், எந்தத் தொந்தரவும் இல்லை. பொட்டாசியம் 9.8, கால்சியம் 4.2, கிரியாட்டினின் 0.9, இ.சி.ஜி. இயல்பு. பொட்டாசியம் கூடியும் இ.சி.ஜி. மாறாமலிருக்கும் நோயாளிகள் உண்டு. அதனால் நல்ல இ.சி.ஜி. ஒன்றே யாரையும் விடுவித்துவிடாது. சந்தேகம் எழுப்புவது இந்த எண்களின் கூட்டணி. சிறுநீரகம் நன்றாக இருக்க, பொட்டாசியம் இவ்வளவு ஏறி, கால்சியம் பாதியாகச் சரிந்து, ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு. ரத்தத்தின் கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குழாயின் ரத்தத்தை வேறு குழாய்க்கு மாற்றி ஊற்றினால், அல்லது அதை முதலில் நிரப்பி அதே ஊசியால் அடுத்த குழாயை நிரப்பினால், இப்படி எண்கள் வரக்கூடும். இங்கே சரியான விடை நோயின் பெயரல்ல, மாதிரி கலந்துவிட்டது என்பதே. குழாய்களைச் சரியான வரிசையில் நிரப்பி உடனே மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை இ.சி.ஜி.யைத் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும்.